தமிழ்க் கதையின் தொடக்கமும் முடிவும் ருஷ்ய மொழியில்: கதைசொல்லியின் குரல் மாறாமல் கொண்டுபோக ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நாட்டுப்புறக் கதையைத் தமிழிலிருந்து ருஷ்யனுக்கு மாற்றுபவர்களுக்கு நடுப்பகுதி பெரும்பாலும் சிக்கல் தருவதில்லை. ராஜா வேட்டைக்குப் போவதும் இளவரசன் கிணற்றில் விழுவதும் எந்த மொழியிலும் நடக்கும். தடுக்குவது முதல் இரண்டு வரியிலும் கடைசி இரண்டு வரியிலும்தான். "ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு ராஜா இருந்தாராம்" என்று தொடங்கி, "கதை முடிஞ்சுது, கத்தரிக்காய் காய்ச்சுது" என்று முடியும் அந்தச் சட்டகத்தில் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அதில் இருப்பது சொல்பவரின் குரல். அகராதியை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தால் முதலில் தொலைவது அதுதான்.

இந்த வழிகாட்டி ஓரளவு ருஷ்யன் தெரிந்தவர்களுக்கானது. வாக்கியங்கள் காதில் எப்படி விழுகின்றன என்பதே இங்கே முக்கியம் என்பதால், ருஷ்யச் சொற்களை உச்சரிக்கும் விதத்தில் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அழுத்தம் இல்லாத 'ஒ' ருஷ்யனில் 'அ' போல ஒலிக்கும் என்பதால் அப்படியே எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டல் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

முதல் படி: சொல்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். பின்னால் வரும் முடிவுகள் பலவும் இதில்தான் தொங்குகின்றன.

தமிழ்க் கதைசொல்லி எதையும் நேரில் பார்த்தவர் இல்லை. "இருந்தாராம், வந்தாளாம், சொல்லுச்சாம்" என்று ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஓர் 'ஆம்' ஒட்டிக்கொண்டே இருக்கிறது. எனக்குச் சொன்னார்கள், நான் உனக்குச் சொல்கிறேன், அவ்வளவுதான். கதை முடியும்போது அவர் இன்னும் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்: "அவங்க அங்க சுகமா இருந்தாங்க, நாம இங்க சுகமா இருக்கோம்." ராஜாவும் ராணியும் அங்கே. சொல்பவரும் கேட்பவரும் இங்கே, ஒரே திண்ணையில்.

ருஷ்யக் கதைசொல்லிக்கு வேறு ஓர் ஆசனமும் உண்டு. ருஷ்யக் கதைகளின் புகழ்பெற்ற முடிவு ஒன்று இப்படிப் போகும்: "இ யா தாம் பில், ம்யோத்-பீவா பில், பா உஸாம் திக்லோ, அ வ் ரோத் நெ பபாலா." நானும் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன், தேன்மதுவும் பீரும் குடித்தேன், மீசையில் வழிந்தது, வாய்க்குள் ஒரு சொட்டும் போகவில்லை என்கிறார். வாய்க்குள் போகவில்லை என்று சொல்லும்போதே, தான் அங்கே போனது பொய் என்பதையும் கண்ணடித்து ஒப்புக்கொள்கிறார். அழகான வரிதான். ஆனால் அவர் கதைக்குள் நுழைந்து விருந்தில் உட்கார்ந்துவிட்டார். நம் பாட்டி நுழைவதே இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டால், எந்த ருஷ்ய வாய்பாட்டை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பது பாதி தெளிவாகிவிடும். சொல்பவரை இந்தப் பக்கமே வைத்திருக்கும் வாய்பாடுகள் நமக்கு ஆகும். அவரை அந்தப் பக்கம் தூக்கிப்போடுபவை, எவ்வளவு இனிமையாக இருந்தாலும், ஆகாது.

இரண்டாம் படி: உங்கள் தொடக்கம் வாயினுடையதா, அச்சினுடையதா?

"முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஒரு மன்னன் ஆண்டு வந்தான்" என்பது அச்சுத் தமிழ். அதில் 'ஆம்' இல்லை, ஊரும் இல்லை. அதற்கு "தவ்னீம்-தவ்னோ" (வெகுகாலத்துக்கு முன்னால்) பொருத்தமாகப் போகும், மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

"ஒரு ஊர்ல" என்று தொடங்கினால் அது வாய்த் தமிழ். அங்கே "தவ்னீம்-தவ்னோ" போட்டால் பாட்டியைத் தள்ளிவிட்டுப் பாடப்புத்தகம் வந்து உட்கார்ந்துவிடும். அதற்கு ஈடு "ஜில்-பில்" குடும்பம்தான். 'வாழ்ந்தான்-இருந்தான்' என்று இரண்டு வினைகளை ஒட்டவைத்த இந்தத் தொடர், கதையைத் தவிர வேறெங்கும் கேலிக்காக அல்லாமல் வருவதில்லை. அதைக் கேட்டதுமே ருஷ்யக் குழந்தைக்கு இது கதை என்று புரிந்துவிடுகிறது. அதாவது, 'ஆம்' செய்யும் வேலையில் ஒரு பகுதியை இந்த இரண்டு சொற்களே செய்துவிடுகின்றன.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இது எழுவாய்க்கு ஏற்ப மாறும். ஆண்பால் என்றால் "ஜில்-பில்". பெண்பால் என்றால் "ஜிலா-பிலா", அழுத்தம் கடைசி அசைக்குப் போய்விடும். பன்மை "ஜீலி-பீலி", அழுத்தம் முதல் அசையில். தமிழில் ராஜா என்றால் "இருந்தாராம்", விலங்கு என்றால் "இருந்துச்சாம்" என்று மரியாதையையும் திணையையும் பார்க்கிறோம். ருஷ்யனில் பெயர்ச்சொல்லின் பால்தான் எல்லாம். "ஒரு காட்டுல ஒரு நரி இருந்துச்சாம்" என்பதை மாற்றும்போது நரியை "லிஸா" என்று எடுத்தால் அது பெண்பால், "ஜிலா-பிலா லிஸா". "ஷகால்" என்று எடுத்தால் ஆண்பால், "ஜில்-பில் ஷகால்". முதல் வரியில் எடுக்கும் இந்த முடிவு கதை முழுக்கத் தொடரும். "லிஸா" என்றதும் ருஷ்யக் கதைகளில் வரும் தந்திரக்காரப் பெண் நரியின் சாயல் தானாக ஒட்டிக்கொள்ளும். கதையில் நரி இன்னொரு நரியைக் கல்யாணம் செய்யப் போகிறதா என்று கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு முதல் வரியை எழுதுவது நல்லது.

அதேபோல, 'பாட்டி' என்பதற்கு மூன்று சொற்கள் கையில் இருக்கும். "ஸ்தரூஹா" கொஞ்சம் கரடுமுரடு, சில கதைகளில் பொல்லாத கிழவி. "பாபுஷ்கா" என்றால் யாருடைய பாட்டி என்ற கேள்வி எழும். "ஸ்தரூஷ்கா" என்ற செல்லக் குறுக்கம்தான் நம் கதைப் பாட்டிக்குச் சரியாக வரும்: "ஜிலா-பிலா ஸ்தரூஷ்கா."

மூன்றாம் படி: ஊரை எங்கே வைப்பது?

இங்கேதான் நேர்மொழிபெயர்ப்பு மாட்டிக்கொள்கிறது. 'ஊர்' என்றதும் கை "திரேவ்னியா" (கிராமம்) என்ற சொல்லுக்குப் போகும். "வ் அத்னோய் திரேவ்னே ஜில் த்ஸார்" என்று எழுதிப் படித்துக் காட்டுங்கள். கேட்பவர் சிரிப்பார். ருஷ்யக் காதுக்கு ஜார் கிராமத்தில் குடியிருக்க மாட்டார். யாரோ ஒரு கிராமத்துக் கிறுக்கன் தன்னை ஜார் என்று சொல்லிக்கொள்கிறான் போலிருக்கிறதே என்றுதான் தோன்றும். நமக்கோ ஊர் என்பது குடிசையும் கோட்டையும் இரண்டும் இருக்கும் இடம். ராஜா ஊரில் இருப்பதில் எந்த விசித்திரமும் இல்லை.

ஆகவே யார் வாழ்கிறார் என்று பார்த்து ஊரை முடிவு செய்ய வேண்டும். பாட்டி, விறகுவெட்டி, வண்ணான் என்றால் "திரேவ்னியா" தாராளமாக வரலாம். ராஜா என்றால் நகரம் ("கோரத்") அல்லது ராஜ்யம். சிறிய கதைக்கு "ஜில்-பில் வ் அத்னோம் கோரதே ராஜா" போதும்.

"ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு ராஜா" என்று இரட்டித்து வந்தால் கதை வேறு. அந்த 'ஒரே ஒரு' எண்ணிக்கை சொல்வதற்காக வரவில்லை. உலகத்தில் வேறு ஊரே இல்லை என்று யாரும் அர்த்தம் எடுத்துக்கொள்வதில்லை. "அதீன்-யதீன்ஸ்த்வென்னிய்" (ஒன்றே ஒன்று) என்று மாற்றினால் ருஷ்ய வாசகர் அந்த எண்ணிக்கையை நம்பிவிடுவார், அப்புறம் பக்கத்து நாட்டு ராஜா வரும்போது குழம்புவார். இங்கே இரட்டிப்பின் வேலை தாளம்: குழந்தை நிமிர்ந்து உட்காருவதற்கு ஒரு மூச்சு நேரம் கொடுப்பது. ருஷ்யனில் இதே வேலையைச் செய்யும் ஒரு வாய்பாடு தயாராக இருக்கிறது: "வ் நேகதரம் த்ஸார்ஸ்த்வே, வ் நேகதரம் கஸுதார்ஸ்த்வே." ஏதோ ஒரு ராஜ்யத்தில், ஏதோ ஒரு தேசத்தில் என்று அதுவும் ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்கிறது. அதுவும் தகவல் தரவில்லை, தாளம் தருகிறது. சொல்லுக்குச் சொல் பொருந்தாவிட்டாலும் அது செய்யும் வேலை அச்சாகப் பொருந்துகிறது.

அடுத்த கேள்வி, ராஜாவை "த்ஸார்" ஆக்குவதா "ராஜா" என்றே விடுவதா? நான் ராஜாவாகவே விடச் சொல்வேன். ருஷ்யனில் அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது, விளக்கம் தேவையில்லை. அதைவிட முக்கியமான காரணம், இரண்டாவது வாக்கியத்திலேயே நம் ராஜாவுக்கு இரண்டு பெண்டாட்டிகள் வந்துவிடுவார்கள். ஒரு ஜாருக்கு ஒரே நேரத்தில் இரண்டு ராணிகள் என்றால் ருஷ்ய வாசகர் கதையை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்பார். ராஜா என்றால் கேட்க மாட்டார். சட்டகம் ருஷ்யனாக இருக்கட்டும், உள்ளே இருப்பவர்கள் நம்மவர்களாக இருக்கட்டும் என்பதுதான் இதில் நான் கடைப்பிடிக்கும் கணக்கு.

தூரம் சொல்லும் வாய்பாட்டுக்கும் அதே கணக்குதான். "ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி" என்பதற்கு "ஸா த்ரீதிவித் ஸிமேல்" (மூவொன்பது நாடுகளுக்கு அப்பால்) என்ற ருஷ்ய வாய்பாட்டை வைக்க ஆசை வரும். தேவையில்லை. "ஸா சிம்யூ மர்யாமி, ஸா சிம்யூ கராமி" என்று ஏழையே வைத்தாலும் ருஷ்யனில் கதைபோலவே ஒலிக்கிறது. ஏழு அவர்களுக்கும் கதை எண்தான். வேற்றுமையில் மட்டும் கவனம் வேண்டும். அரக்கன் அங்கே இருக்கிறான் என்றால் மேலே சொன்ன வடிவம். இளவரசன் அங்கே போகிறான் என்றால் "ஸா ஸேம் மரேய், ஸா ஸேம் கோர்." தமிழில் இரண்டுக்கும் 'தாண்டி'யே போதும் என்பதால் இதில் வழுக்குவது சுலபம்.

நான்காம் படி: 'ஆம்' என்ன ஆகிறது?

வழிகாட்டியின் கடினமான பகுதி இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

ஒரு சாதாரணத் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். "ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு ராஜா இருந்தாராம். அந்த ராஜாவுக்கு ரெண்டு பொண்டாட்டியாம், மூத்தவ ஒருத்தி, இளையவ ஒருத்தியாம். ராஜாவுக்கு எல்லாம் இருந்துச்சாம், பிள்ளை மட்டும் இல்லையாம்." மூன்று வாக்கியம், ஐந்து 'ஆம்'.

முதல் முயற்சியில் பலரும் ஒவ்வொரு 'ஆம்' இருக்கும் இடத்திலும் "கவர்யாத்" (சொல்கிறார்கள்) என்று செருகுவார்கள். விளைவு ஊர் வம்புபோல இருக்கும். "அவருக்கு இரண்டு பெண்டாட்டி என்று பேசிக்கொள்கிறார்கள், பிள்ளை இல்லை என்றும் பேசிக்கொள்கிறார்கள்." ருஷ்யனில் இந்தச் சொல்லுக்கு ஒரு தனி எடை உண்டு. திரும்பத் திரும்ப வந்தால் சொல்பவருக்கே நம்பிக்கை இல்லை என்று அர்த்தமாகிவிடும். கேட்கும் குழந்தை "யார் சொன்னது?" என்று கேட்டால், 'ஆம்' வதந்தியாக மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இலக்கணப் புத்தகம் படித்தவர்கள் "மோல்", "தேஸ்கத்" என்ற இடைச்சொற்களைத் தேடிப் பிடிப்பார்கள். அகராதியில் பார்த்தால் பொருத்தம்போலத்தான் இருக்கும். ஆனால் அவை ஒரு குறிப்பிட்ட ஆள் சொன்னதை எடுத்துச் சொல்பவை, சில நேரம் கொஞ்சம் நக்கலோடு: "எனக்கு நேரமில்லை என்கிறான், அப்படியாம்." நம் கதையின் 'ஆம்' யாரையும் சுட்டுவதில்லை, யாரையும் சந்தேகிப்பதும் இல்லை. இந்த இரண்டையும் கதாபாத்திரங்களின் பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம், தொடக்கத்தில் வேண்டாம்.

சரி, என்ன செய்வது? 'ஆம்' ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் செய்கிறது என்று பிரித்துப் பார்த்தால் வழி கிடைக்கிறது. ஒன்று, நான் பார்க்கவில்லை என்று சொல்வது. இதை ஒரே ஒரு முறை சொன்னால் போதும். "ஜில்-பில்" அதைச் சொல்லிவிடுகிறது. இன்னும் அழுத்தம் வேண்டுமென்றால் முதல் வாக்கியத்துக்கு முன்னால் "ஸ்காஸிவயுத்" (கதையாகச் சொல்வார்கள்) என்ற பழங்காலச் சொல்லை ஒரு முறை வைக்கலாம். அப்புறம் அதைத் தொடக்கூடாது.

இரண்டாவது வேலை ஓசை. ஒவ்வொரு வாக்கியமும் 'ஆம்' என்று இறங்கி நிற்கும்போது, கேட்பவர் "ம்" கொட்டுவதற்கு ஓர் இடம் உருவாகிறது. தமிழில் இந்த இடம் வாக்கியத்தின் கடைசியில். ருஷ்யனில் கதைச் சுவை பெரும்பாலும் வாக்கியத்தின் முதலில் இருக்கிறது: "இ", "அ", "வோத்" என்ற சின்னச் சொற்களில் தொடங்குவது, வினையை எழுவாய்க்கு முன்னால் கொண்டுவருவது. "ராஜாவுக்கு இரண்டு பெண்டாட்டி இருந்தார்கள்" என்ற வரிசையில் எழுதினால் அறிக்கை. "இ பீலா உ ராஜி த்வே ஜினீ" என்று வினையை முன்னால் போட்டால் கதை. வாலில் இருந்த தாளத்தைத் தலைக்கு மாற்றுகிறோம், அவ்வளவுதான்.

இப்போது முழுத் தொடக்கம் இப்படி வருகிறது:

"வ் நேகதரம் த்ஸார்ஸ்த்வே, வ் நேகதரம் கஸுதார்ஸ்த்வே ஜில்-பில் ராஜா. இ பீலா உ ராஜி த்வே ஜினீ: ஸ்தார்ஷயா தா ம்லாத்ஷயா. ஃப்ஸிவோ உ ராஜி வ்தோவல், அ தேதக் நேத் காக் நேத்."

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். "எல்லாம் வேண்டிய மட்டும் உண்டு, பிள்ளைகளோ இல்லவே இல்லை." அதில் வினையே இல்லை. "இருந்துச்சாம், இல்லையாம்" என்று தமிழ் இழுத்த இடத்தை "நேத் காக் நேத்" என்ற இரட்டிப்பு நிரப்புகிறது. "தேதக்" என்பது பிள்ளைகள் என்பதன் செல்ல வடிவம். பாட்டியின் பரிதாபக் குரல் அந்த ஒரு சொல்லில் வந்துவிடும். "ஸ்தார்ஷயா தா ம்லாத்ஷயா" என்பதில் 'உம்'முக்கு "இ" போடாமல் "தா" போட்டதும் வேண்டுமென்றேதான். இந்த "தா" நாட்டுப்புறக் குரலுக்கே உரியது, அதற்கு எழுத்து நடையின் வாடை இல்லை.

நேரில் சொல்வதாக இருந்தால் ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் "ம்" கொட்டும் அளவுக்கு நிறுத்துங்கள். கேட்பவர்களிடம் முன்கூட்டியே இந்த வழக்கத்தைச் சொல்லிவிட்டால் குழந்தைகள் குஷியாகச் செய்வார்கள். அச்சில் "ம்" என்று எழுதி வைக்க வேண்டாம். குட்டி வாக்கியங்களே போதும்.

கதைக்கு முந்தைய கதை

சிலர் ராஜாவுக்கு முன்னாலேயே "கதை கதையாம் காரணமாம், காரணத்தில் ஒரு தோரணமாம்" என்று ஆரம்பிப்பார்கள். இதற்கும் பின்னால் வரும் கதைக்கும் சம்பந்தம் கிடையாது. ருஷ்யனில் இப்படிக் கதைக்கு முன்னால் வரும் சம்பந்தமில்லாத துணுக்குக்குப் பெயரே உண்டு, "ப்ரீஸ்கஸ்கா". ஆகவே வாசகர் திகைக்க மாட்டார். அடிக்குறிப்பும் வேண்டாம்.

காரணம், தோரணம் என்ற பொருளை அப்படியே காப்பாற்ற முயன்றால் ஓசை போய்விடும். ஓசை போனால் அந்த வரிக்கு இருக்க வேறு காரணம் இல்லை. நான் வைப்பது: "ஸ்காஸ்கா ஸ் பத்ஸ்காஸ்கய், அ பத்ஸ்காஸ்கா ஸ் பவ்யாஸ்கய்." கதைக்குள் ஒரு குறிப்பு, குறிப்புக்கு ஒரு கட்டுத் துணி. காரணம் குறிப்பாகிவிட்டது, தோரணம் கட்டிவைக்கும் துணியாகிவிட்டது, ஒன்றுக்குள் ஒன்று செல்லும் சங்கிலியும் எதுகையும் பிழைத்துக்கொண்டன. அதன் பின்னால் ருஷ்யனிலேயே இருக்கும் "எதா ப்ரீஸ்கஸ்கா, ஸ்காஸ்கா பூதித் ஃப்பிரிதீ" (இது முன்கதை, கதை இனிமேல்தான்) என்ற வரியைச் சேர்த்தால் ராஜாவுக்குள் நுழைய ஒரு கதவு கிடைக்கும்.

ஐந்தாம் படி: அங்கேயும் இங்கேயும்

இனி முடிவுக்கு வருவோம். "அவங்க அங்க சுகமா இருந்தாங்க, நாம இங்க சுகமா இருக்கோம்."

இதன் முதல் பாதிக்கு எல்லோரும் அறிந்த ருஷ்ய ஈடு உண்டு: "ஸ்தாலி அனீ ஜித்-பஜிவாத் தா தப்ரா நஜிவாத்." அவர்கள் வாழத் தொடங்கினார்கள், செல்வம் சேர்க்கத் தொடங்கினார்கள். அதை வைத்துவிட்டு மொழிபெயர்ப்பாளர் நிம்மதியாகப் பேனாவை மூடிவிடுவார். இரண்டாம் பாதி காணாமல் போயிருக்கும். அந்த இரண்டாம் பாதிதான் சொல்பவரையும் கேட்பவரையும் கதையிலிருந்து வெளியே கொண்டுவந்து வீட்டில் உட்காரவைக்கிறது. அதை விட்டால் கதை முடியும், ஆனால் நாம் திரும்பி வந்திருக்க மாட்டோம்.

இரண்டு பாதியையும் வைக்க வேண்டுமானால் அந்த நீண்ட வாய்பாட்டின் தலையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: "அனீ தாம் ஜிவூத்-பஜிவாயுத், இ மி தூத் நெ தூஜிம்." அவர்கள் அங்கே வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள், நாம் இங்கே வருத்தமில்லாமல் இருக்கிறோம். 'சுகமாக இருக்கிறோம்' என்று நேராகச் சொன்னால் ருஷ்யனில் ஏதோ பெருமையடிப்பதுபோல இருக்கும். "நெ தூஜிம்" என்று எதிர்மறையில் சொல்வது அவர்கள் வழக்கத்துக்கு இயல்பு. 'வருத்தப்படாமல் வாழ்வது' அங்கே நன்றாக வாழ்வதற்கான மரபுத்தொடர். முதல் பாதி நிகழ்காலத்துக்கு வந்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். ருஷ்யக் கதைகள் இன்றுவரை வாழ்கிறார்கள் என்று முடிவதும் உண்டு என்பதால் அது இடிக்காது.

இன்னும் ஓர் ஓட்டை இருக்கிறது. தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் வெளியே. ருஷ்யனில் "மி" ஒன்றுதான், இரண்டுக்கும் அதுவே. "மி தூத்" என்று மட்டும் சொன்னால், நாங்கள் பெரியவர்கள் இங்கே சுகமாக இருக்கிறோம் என்றும் ஒரு குழந்தைக்குக் கேட்கலாம். அதை அடைக்க "மி ஸ் வாமி" (உங்களோடு நாம்) என்று சொல்ல வேண்டும். கேட்பது ஒரே குழந்தை என்றால் "மி ஸ் தபோய்". அப்போது வரி இப்படி நிற்கும்:

"அனீ தாம் ஜிவூத்-பஜிவாயுத், இ மி ஸ் வாமி தூத் நெ தூஜிம்."

புத்தகத்துக்கு "வாமி", மடியில் இருக்கும் குழந்தைக்கு "தபோய்". இதுதான் மீசையில் வழிந்த பீர் வரிக்கு இங்கே இடமில்லை என்பதற்கும் காரணம். "தாம்" என்ற அதே சொல்லை வைத்து ருஷ்யக் கதைசொல்லி 'நானும் அங்கே இருந்தேன்' என்கிறார். நம்மவர் 'அவர்கள் அங்கே' என்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒன்றை ஒன்று பொய்யாக்கும்.

இன்னொரு வரியும் கைக்கு எட்டும் தூரத்தில் காத்திருக்கும்: "ஸ்காஸ்கா லோஜ், தா வ் நேய் நம்யோக்", கதை பொய்தான், ஆனால் அதில் ஒரு குறிப்பு உண்டு என்பது. இது நாட்டுப்புற வாய்பாடுபோல ஒலித்தாலும் 1834-ல் புஷ்கின் எழுதிய தங்கச் சேவல் கதையின் முடிவு. பள்ளிக்குப் போன எந்த ருஷ்யருக்கும் அது யாருடையது என்று தெரியும். உங்கள் பாட்டி புஷ்கினை மேற்கோள் காட்டுகிறார் என்று ஆகிவிடும். தவிர, அது நீதி சொல்கிறது. கத்தரிக்காய் வரி எந்த நீதியும் சொல்வதில்லை.

ஆறாம் படி: கத்தரிக்காய்

"கதை முடிஞ்சுது, கத்தரிக்காய் காய்ச்சுது." 'ஸ்காஸ்கா முடிந்தது, பக்லஜான் விளைந்தது' என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால், ருஷ்ய வாசகர் முந்தைய பக்கங்களைப் புரட்டி, கத்தரிக்காய் எங்கே வந்தது என்று தேடுவார். தமிழ்க் காதுக்கு அந்தக் கேள்வியே எழாது. கதை, கத்தரி என்று 'க'வில் மோனை விழுந்ததும் கத்தரிக்காய் வந்ததற்கு நியாயம் கிடைத்துவிடுகிறது. ருஷ்யக் கதை முடிவுகள் பெரும்பாலும் வரியின் கடைசியில் இயைபு பிடிக்கின்றன. ஆகவே நியாயத்தை வரியின் தொடக்கத்திலிருந்து கடைசிக்கு நகர்த்த வேண்டும்.

தயாராக இருக்கும் வாய்பாடு "தூத் இ ஸ்காஸ்கே கனேத்ஸ், அ க்தோ ஸ்லூஷல், மலதேத்ஸ்." கதைக்கு முடிவு வந்தது, கேட்டவர் சமர்த்து. அவசரத்துக்குப் பிழையில்லை, இயைபும் உண்டு. ஆனால் கேட்டவரைப் பாராட்டுகிறது. நம் வரி யாரையும் பாராட்டுவதில்லை, சும்மா உளறிவிட்டு எழுந்து போகிறது. அந்த உளறல்தான் அதன் சுவை.

கத்தரிக்காயை விடாப்பிடியாக வைத்துக்கொள்ள முடியுமா? "பக்லஜான்" என்பதற்கு இயைபாக 'ஆன்' என்று முடியும் சொல் வேண்டும். "கோஞ்சில் ஸ்காஸ்கு ஸ்தரிகான், வீரஸ் வ் போலே பக்லஜான்" (கிழவன் கதையை முடித்தான், வயலில் கத்தரிக்காய் முளைத்தது) என்று கட்டலாம். ஓசை நன்றாகவே இருக்கிறது. சொல்பவர் தாத்தா என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் வரியில் சொல்பவரைப் பற்றி எதுவும் இல்லை, தவிர கதை சொல்வது பாட்டி என்றால் இந்தக் கிழவன் எங்கிருந்து வந்தான் என்றாகும்.

என் தேர்வு வேறு. "கனேத்ஸ்" (முடிவு) என்ற சொல்லோடு இயைபு பிடிக்கும் காய் ஒன்று இருக்கிறது, வெள்ளரிக்காய்:

"வோத் இ ஸ்காஸ்கே கனேத்ஸ், அ ந க்ர்யாத்கே அகுரேத்ஸ்."

கதைக்கு முடிவு வந்தது, பாத்தியில் வெள்ளரிக்காய் வந்தது. காய் மாறிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவும் விளைச்சலும் ஒன்றையொன்று துரத்தும் விளையாட்டு, காரணமில்லாத காய், பாராட்டும் நீதியும் இல்லாத ஓட்டம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கத்தரிக்காயைத் தியாகம் செய்ய மனம் வரவில்லை என்றால், அதைக் கதையின் நடுவில் ஒரு சமையல் காட்சியில் கொண்டுவந்து சேர்த்துவிடாதீர்கள். அதைச் செய்த மொழிபெயர்ப்பைப் பார்த்திருக்கிறேன். காரணமில்லாமல் வருவதால்தான் அந்தக் காய்க்கு மதிப்பு.

சேர்த்து வைத்துச் சரிபார்ப்பது

இரண்டு முடிவு வரிகளும் வரும் கதையில் தமிழ் வரிசையையே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அங்கே-இங்கே வரியை நிதானமாகச் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, வெள்ளரிக்காய் வரியை வேகமாகச் சொல்ல வேண்டும். அச்சில் இந்த வேகத்தைக் காட்ட அதைத் தனிப் பத்தியாகப் போட்டால் போதும், ஆச்சரியக்குறி வேண்டாம்.

பிறகு ருஷ்யன் தாய்மொழியாக உள்ள ஒருவருக்குத் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் வாசித்துக் காட்டுங்கள், நடுக்கதை வேண்டாம். "இது எந்த ருஷ்யக் கதை?" என்று கேட்டால் ஆட்களையும் அதிகமாக ருஷ்யமயமாக்கிவிட்டீர்கள், ராஜா ஜார் ஆகியிருப்பார். "இது உண்மையில் நடந்ததா?" என்று கேட்டால் "கவர்யாத்" எங்கோ மிச்சமிருக்கிறது. எதுவும் கேட்காமல், "அப்புறம் என்ன ஆச்சு, நடுவில் என்ன?" என்று கேட்டால் சட்டகம் நிற்கிறது.

எல்லாக் கதையும் கத்தரிக்காயோடு முடிவதில்லை. தூக்கம் வந்த பாட்டி "அவ்வளவுதான் கதை, தூங்கு" என்று நிறுத்திவிடுவதும் உண்டு. அங்கே வெள்ளரிக்காயையும் வருத்தமில்லாத வாழ்வையும் கொண்டுவந்து திணிக்க வேண்டாம். அதற்கும் ருஷ்யனில் ஒரு வரி இருக்கிறது: "ஸ்காஸ்கா ஃப்ஸ்யா, போல்ஷே ஸ்காஸிவத் நெல்ஸ்யா." கதை இவ்வளவுதான், இதற்கு மேல் சொல்ல முடியாது. அதன் பின்னால் "ஸ்பீ" (தூங்கு) என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.